டன்னுக்கு நூறு ரூபாய்: ஒரு சேகோ மில் பார்ட்னர்ஷிப்பில் நடந்தது

ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ மில்லின் கணக்கர், ஒரு நாள் காலை தன் செல்போனில் வந்த படத்தைப் பார்த்துக் குழம்பிப்போனார். கிழங்கு புரோக்கரிடம் வேலை பார்க்கும் பையன் அன்றைய லோடு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். அன்றைக்கு அவசரத்தில் வேறு நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான். கோடு போட்ட நோட்டு, நீல மை. முதல் கட்டத்தில் தேதி, அடுத்து லாரி நம்பர், அடுத்து டன். கடைசிக் கட்டத்தின் தலையில் "அண்ணன்" என்று எழுதியிருந்தது. 11.640 டன்னுக்கு நேராக 1164. 10.850 டன்னுக்கு நேராக 1085. முப்பத்தொரு வரியும் இதே மாதிரி.

கணக்கர் படத்தை யாரிடமும் காட்டவில்லை. மில்லின் எடை மேடைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு லாரி நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தொன்றும் பொருந்தின. அன்று மாலை மில்லை ஓட்டுகிற பார்ட்னரிடம் போய்ச் சொன்னார். அந்தப் பார்ட்னர் என்னிடம் வந்தார். நான் சேலத்தில் வக்கீலாக இருக்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றி எழுதுகிறேன். வழக்கின் எலும்புக்கூடு அப்படியேதான் இருக்கிறது.

பார்ட்னர்கள் மூன்று பேர். கிழங்கு வாங்குவதைப் பார்த்துக்கொண்டவருக்கு 40 சதவீதம், மில்லை ஓட்டியவருக்கு 40, பணம் போட்ட அம்மாவுக்கு 20. அந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்த பிறகு அவருடைய பங்கில் பார்ட்னராகச் சேர்ந்தவர். மற்ற இருவரும் மாமன் மைத்துனன் முறை. கிழங்குக்காரருக்குக் கொள்முதல் பார்ப்பதற்காகப் பத்திரத்திலேயே மாதச் சம்பளம் போட்டிருந்தார்கள்.

சேகோ தொழிலில் விற்கிற பக்கம் ஓரளவு வெளிச்சமானது. மூட்டை சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் டெண்டருக்குப் போனால் விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இருட்டு இருப்பது வாங்குகிற பக்கம். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு காட்டிலிருந்து லோடாக வருகிறது, கொஞ்சம் மாதிரி எடுத்துத் தண்ணீரில் எடை பார்த்து மாவுச்சத்துக்குப் பாயிண்ட் போடுகிறார்கள், பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கெட ஆரம்பித்துவிடும் என்பதால் எல்லாம் அவசரத்தில், வாய்வார்த்தையில் நடக்கிறது. எந்த புரோக்கரிடம் எடுப்பது, எத்தனை லோடு எடுப்பது என்பதை ஒரே ஆள் போனில் முடிவு செய்கிறார். அந்த முடிவுக்குத்தான் "அண்ணன்" என்ற பெயரில் புரோக்கர் அவருக்குக் கொடுத்த டன்னுக்கு நூறு ரூபாய்.

முதலில் நான் சொன்னது ஒன்றுதான்: சண்டை போடாதீர்கள், நகல் எடுங்கள். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 12, ஒவ்வொரு பார்ட்னருக்கும் ஃபர்மின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து நகல் எடுக்கும் உரிமையைத் தருகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு சீசனுக்கான கொள்முதல் பதிவேடு, எடைச் சீட்டு, சில்லறைச் செலவு வவுச்சர் எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெரிந்தது. முன்பு ஆறேழு புரோக்கர்களிடம் பரவலாக வாங்கிக்கொண்டிருந்த மில், கடைசி இரண்டு சீசனாகப் பெரும்பகுதியை ஒரே புரோக்கரிடம் வாங்கியிருந்தது. இது மட்டும் திருட்டுக்குச் சாட்சி ஆகாது. நல்ல சரக்கு தருகிறார் என்பதற்காகவும் ஒருவரிடமே வாங்கலாம். ஆனால் எங்கே தேடவேண்டும் என்று காட்டியது.

அப்புறம் புரோக்கரை வரச்சொன்னோம். இனிமேல் லோடு வேண்டாம் என்று மில் சொல்லிவிடும் என்ற பயத்தில் அவரே இரண்டு சீசன் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். சுமார் 860 வரிகள். எடைச் சீட்டோடு ஒத்துப் பார்த்ததில் ஒன்பது லோடு வேறு மில்லுக்குப் போனது. அவற்றை நீக்கினோம். எதிராளிக்குச் சாதகமான வரியை நாமே நீக்கிவிட்டால் மீதி வரிகளுக்குப் பலம் கூடும் என்பது என் அனுபவம். முதல் சீசனில் 4,860 டன், இரண்டாவதில் 5,340 டன். மொத்தம் 10,200 டன், நூறு ரூபாய் வீதம் 10,20,000.

கிழங்குக்காரரிடம் முறையாகக் கணக்குக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும் மில் ஆபீசில் உட்கார்ந்து பேசலாம் என்றார். அவர் மறுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

"வாங்கினது நிஜம்தானுங்க மாமா. ஆனா மில்லுக்கு ஒரு பைசா நஷ்டம் ஆயிருக்குதுன்னு காட்டுங்க பார்க்கலாம். அன்னன்னைக்கு சந்தையில என்ன விலையோ அதுக்குத்தான் எடுத்தேன். பாயிண்ட்டும் குறையல, மாவும் குறையல."

மில்காரர் பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். ஏனென்றால் பதிவேடு அவர் சொன்னதைத்தான் சொன்னது. அதே நாளில் மற்ற புரோக்கர்களிடம் வாங்கிய விலைக்கும் இந்த புரோக்கரிடம் வாங்கிய விலைக்கும் வித்தியாசம் இல்லை.

பெரும்பாலான பஞ்சாயத்துகள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன. நஷ்டம் இல்லாவிட்டால் குற்றமும் இல்லை என்று பேசி, ஏதோ ஒரு தொகையில் முடித்துவிடுவார்கள். சட்டம் நஷ்டத்தைக் கேட்கவே இல்லை. பிரிவு 16(அ) சொல்வது இவ்வளவுதான்: ஃபர்மின் ஒரு பரிவர்த்தனையிலிருந்தோ, ஃபர்மின் சொத்து, தொழில் தொடர்பு, பெயர் ஆகியவற்றைப் பயன்படுத்தியோ ஒரு பார்ட்னர் தனக்கென்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்குக் கணக்குக் காட்டி ஃபர்முக்குக் கொடுக்க வேண்டும். அளவுகோல் அவருக்கு வந்த லாபம். ஃபர்முக்குப் போன நஷ்டம் அந்த வரியில் எங்குமே இல்லை.

இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1942-இல் தீர்த்த ரீகல் வழக்கைச் சொல்வார்கள். ஒரு சினிமா கம்பெனி துணைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, வேறு இரண்டு தியேட்டர்களைக் குத்தகைக்கு எடுக்கப் பார்த்தது. அதற்குப் போடவேண்டிய மூலதனம் முழுவதையும் போட கம்பெனியால் முடியவில்லை. பற்றாக்குறையாக நின்ற தொகைக்கான பங்குகளை டைரக்டர்களும் இன்னும் சிலரும் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். பிறகு லாபத்துக்கு விற்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனியால் எப்படியும் அந்தப் பங்கை வாங்கியிருக்க முடியாது. அப்படியும் டைரக்டர்கள் அந்த லாபத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தரவேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. யோக்கியமாக நடந்தவர்களுக்கே இதுதான் நிலை என்றால் "அண்ணன்" கட்டத்துக்கு என்ன சொல்வது?

அடுத்து கிழங்குக்காரர் பத்திரத்தை எடுத்தார். பார்ட்னர்கள் வேறு தொழில் செய்துகொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. பிரிவு 16 "பார்ட்னர்களுக்குள் உள்ள ஒப்பந்தத்துக்கு உட்பட்டு" என்றுதான் தொடங்குகிறது, அதனால் இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஷரத்து அனுமதிப்பது வேறு தொழிலை. அவர் பக்கத்தில் இன்னொரு மில் வைத்திருந்தால் அது அவருக்குக் கை கொடுத்திருக்கும். இந்த மில்லுக்கே கிழங்கு வாங்கும்போது விற்கிற பக்கத்திலிருந்து கை நீட்டி வாங்குவது வேறு தொழில் ஆகாது.

"தீபாவளிக்குப் பெட்டியும் வேட்டியும் எல்லாருக்கும்தானே வருது" என்றும் சொல்லிப் பார்த்தார். வருகிறதுதான். மூன்று பார்ட்னருக்கும் வந்தது, எல்லோருக்கும் தெரிந்து வந்தது. அதை யாரும் கேட்கவில்லை. தெரியாமல் வந்ததும், லோடு எடைக்கு ஏற்றபடி ஏறி இறங்கியதும்தான் இந்தப் பணத்தைத் தீபாவளி மாமூலிலிருந்து பிரித்தது. 11.640 டன்னுக்கு 1164 என்று யாரும் அன்பளிப்பு கொடுப்பதில்லை.

கொள்முதல் பதிவேட்டைப் புரட்டியபோது இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. இரண்டும் ஒரே மாதிரி தெரியும், சட்டத்தில் நேர் எதிர்.

ஒன்று லாரி. கிழங்குக்காரருக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது, மில்லுக்கு வாடகைக்கு ஓடியது. மில்காரருக்குக் கோபம் இருந்ததால் அந்த வாடகை லாபத்தையும் கேட்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். லாரி யாருடையது என்று மூன்று பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும், மற்ற லாரிக்குக் கொடுத்த அதே வாடகை, லெட்ஜரில் அவர் பெயரிலேயே கணக்கு, ஆண்டு முடிவில் மூவரும் கையெழுத்து. முழு விவரமும் தெரிந்து சம்மதித்த பிறகு அந்த லாபம் அவருடையது.

இன்னொன்று திப்பி. மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, காய வைத்தால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். ஒரு வருடமாகத் திப்பியை வாங்கிய பெயர் ஒன்று மில்காரருக்குப் புதிதாக இருந்தது. விசாரித்தால் கிழங்குக்காரரின் மச்சான். மில்லிடம் வாங்கி, கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றித் தீவன வியாபாரிக்கு விற்றிருக்கிறார். பெயர்தான் மச்சானுடையது, பணம் இவர் கைக்கு வந்தது. 180 டன்னுக்கு 2,70,000.

அவர் சாக்குக்கும் ஏற்றுகூலிக்கும் வண்டிக்கும் 64,000 செலவழித்ததற்குச் சீட்டு காட்டினார். அதைக் கழித்தோம். சட்டம் கேட்பது லாபத்தை, விற்பனைத் தொகையை அல்ல. 2,06,000 நின்றது. உடனே அவர், "அப்போ கமிஷன்லயும் பெட்ரோல், போன், ஊர் ஊரா சுத்துன செலவெல்லாம் கழிங்க" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கணக்கர் சில்லறைச் செலவு வவுச்சர் கட்டை மேசை மேல் வைத்தார். அந்தப் பெட்ரோலும் போனும் ஊர் சுற்றியதும் அத்தனையும் மில் செலவில் ஏற்கெனவே போயிருந்தது. சம்பளமும் போயிருந்தது. அந்தக் கமிஷனைச் சம்பாதிக்க அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. எனவே 10,20,000 முழுவதும் லாபம். இரண்டும் சேர்த்து 12,26,000.

"சரி, என் பங்கு நாப்பது பெர்சென்ட் போக மீதிய தரேன்" என்பது அவருடைய அடுத்த கணக்கு. மில்காரர்கூட இதற்குத் தலையாட்டிவிட்டார். கடைசியில் அதே தொகைதானே வரப்போகிறது என்று நினைத்தார். 40 சதவீதம் என்றால் 4,90,400. மில்காரருக்கும் அதே 4,90,400. அம்மாவுக்கு 2,45,200. காகிதத்தில் சரியாக இருக்கிறது.

நடைமுறையில் அப்படி இல்லை. இந்தப் பணம் முதலில் ஃபர்முடையது. முழுத் தொகையும் ஃபர்மின் வருமானமாக வரவு வைக்கப்பட வேண்டும். ஃபர்ம் அதற்கு வரி கட்ட வேண்டும், பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், அதன் மேல் செஸ். ஃபர்முக்கு பேங்கில் ஓவர்டிராஃப்ட் இருந்தது, கிழங்குக்குத் தரவேண்டிய பாக்கியும் இருந்தது. அதெல்லாம் போக லாபம் என்று ஏதாவது நின்றால்தான் பங்கு. அவர் முன்கூட்டியே 40 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், கடனும் வரியும் மற்ற இருவர் பாகத்திலிருந்து போகும். அவருடைய பங்கு எங்கும் ஓடிவிடவில்லை, மூலதனக் கணக்கு வழியாக வரும். ஆனால் அவர் அதை முதலில் எடுத்துக்கொள்ள முடியாது.

இவர் பார்ட்னராக இல்லாமல் சம்பளத்துக்குக் கிழங்கு வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்டாக இருந்திருந்தால், அந்தப் பங்கும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 216, முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்சி வேலையைத் தன் சொந்தக் கணக்கில் செய்த ஏஜென்ட்டிடம் கிடைத்த ஆதாயத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பிரிவு 220, முறைகேடாகச் செய்த பகுதி வேலைக்கு அவருக்கு ஊதியமே கிடையாது என்கிறது. ஒரு பார்ட்னர் ஃபர்மின் ஏஜென்ட்டும்தான் என்பதால், இவருடைய சம்பளத்தையும் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தோம். வாதம் செய்யலாம். ஆனால் மனிதர் கிழங்கு வாங்கும் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார் என்பதால் அதைப் பேரத்தில் விட்டுக்கொடுக்கிற பொருளாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஏற்காடு. கமிஷனில் பாதிக்கு மேல் அவர் மனைவியின் பேங்க் கணக்குக்கு யூபிஐ மூலம் போயிருந்தது. அந்தக் கணக்கிலிருந்து ஏழு லட்சம் கொடுத்து ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வாங்கியிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருந்தது. பக்கத்துத் துண்டு அண்மையில் விற்ற விலையை வைத்துப் பார்த்தால் பத்து லட்சம் தேறும். திருடிய பணம் வளர்ந்தால் அந்த வளர்ச்சி யாருக்கு?

இதற்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இந்தியப் பொறுப்பாட்சிச் சட்டம் 1882, பிரிவு 88, பார்ட்னர், ஏஜென்ட் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்திப் பெற்ற ஆதாயத்தை, யாருடைய நலனைக் காக்கக் கடமைப்பட்டாரோ அவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதன் கீழ் ஓர் உதாரணம்: பார்ட்னர்களுக்காகக் குத்தகை பேசப்போன ஒருவர், குத்தகை தருபவரிடம் ரகசியமாகத் தனக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசி வாங்கினால், அந்த லட்சத்தை அவர் ஃபர்மின் நன்மைக்காக வைத்திருக்கிறார். 1882-இல் ஒரு லட்சம் என்றால் என்ன தொகை என்று நினைத்துப் பாருங்கள். சட்டம் எழுதியவருக்குச் சின்னத் திருட்டில் மனம் ஓடவில்லை போலிருக்கிறது.

இங்கிலாந்தில் இதே கேள்விக்கு ரொம்ப காலம் முரண்பட்ட தீர்ப்புகள் இருந்தன. மான்டி கார்லோவில் ஒரு ஹோட்டலை வாங்குபவர்களுக்காகப் பேசிய ஏஜென்ட், விற்பவரிடமிருந்து ஒரு கோடி யூரோ கமிஷன் வாங்கிக்கொண்டார். 2014-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், அந்தப் பணம் வெறும் கடன் அல்ல, முதலாளியின் சொத்தே என்று தீர்த்தது. கடன் என்றால் வாங்கிய தொகையைத்தான் கேட்கலாம். சொத்து என்றால் அது மாறிப்போன வடிவத்தையும் தேடிப் போகலாம். ஏற்காட்டுத் தோட்டம் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

தெரிந்ததே தவிர, நிரூபிப்பது கடினம். அந்தக் கணக்கில் மனைவி நகை அடகு வைத்த பணமும் கலந்திருந்தது. தோட்டத்துக்குப் போன ஏழு லட்சத்தில் கமிஷன் எவ்வளவு, நகை எவ்வளவு என்று பிரிக்க வருடக்கணக்கில் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் வேறொரு பள்ளமும் காத்திருந்தது. ஃபர்ம் பதிவு செய்யப்பட்டதுதான். ஆனால் அம்மா சேர்ந்ததை ஃபர்ம் பதிவாளரிடம் தெரிவிக்க யாருக்கும் தோன்றவில்லை. பத்திரம் மாற்றி எழுதினார்கள், பேங்கில் கொடுத்தார்கள், வரி ஆபீசில் கொடுத்தார்கள், பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 69 இங்கே மிகக் கடுமையானது: பதிவேட்டில் பார்ட்னராகப் பெயர் இல்லாதவர் ஃபர்ம் மீதோ மற்ற பார்ட்னர் மீதோ ஒப்பந்த உரிமைக்கோ இந்தச் சட்டம் தரும் உரிமைக்கோ வழக்குப் போட முடியாது. ஃபர்மையே கலைக்கக் கோரியும் கலைந்த ஃபர்மின் கணக்குக் கேட்டும் அதன் சொத்தை மீட்கவும் போடலாம்.

"அப்போ எனக்குச் சேரவேண்டியத நான் கேக்கணும்னா மில்ல மூடித்தான் ஆகணுமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். மில்காரர் பெயர் பதிவேட்டில் இருந்ததால் அவர் வழியாகப் போயிருக்கலாம். இருந்தாலும் அந்த வாரமே பெயரைச் சேர்க்க விண்ணப்பம் கொடுக்கச் சொன்னேன். வழக்குப் போடுவதற்கான கெடுவைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மூன்று வருடம்தான் என்றாலும், மறைத்துச் செய்த காரியத்தில் அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது அக்கறையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் காலம் ஓடும்.

மூன்றாவது உட்காரலில் முடிந்தது. கிழங்குக்காரர் 12,26,000 முழுவதையும் ஃபர்முக்குத் தர ஒத்துக்கொண்டார். எட்டு லட்சம் பேங்க் மூலமாக, மீதி 4,26,000 அவருடைய மூலதனக் கணக்கில் பற்று. ஏற்காட்டுத் தோட்டத்தின் மீதான உரிமையையும் சம்பளப் பிரச்சினையையும் நாங்கள் விட்டோம். புரோக்கர் யாரென்பதை இனி இரண்டு பேர் கையெழுத்தில்தான் முடிவு செய்வது, எந்தப் பார்ட்னரின் உறவுக்காரர் பெயரில் மில்லோடு வியாபாரம் நடந்தாலும் எழுத்தில் முன்கூட்டிச் சொல்வது என்று பத்திரத்தில் சேர்த்தோம். அவர் பார்ட்னராகவே தொடர்ந்தார். மில்காரருக்கு அதில் இஷ்டம் இல்லை. கிழங்கு பார்க்க அவரைவிட்டால் ஆள் இல்லை என்று அம்மாதான் சொன்னார்.

அடுத்த சீசன் தொடங்கியபோது அதே புரோக்கரும் லோடு அனுப்பினார். முதல் பில்லைக் கணக்கர் எனக்குப் படம் பிடித்து அனுப்பினார். விலை அன்றைய சந்தை விலைதான். அடியில் ஒரு புதிய வரி: "தள்ளுபடி, டன்னுக்கு 100."